தேர்வுக்கு ஒரு நாள் வேண்டி: விளையாட்டு அலுவலருக்கு ஒரு விண்ணப்பம்

விண்ணப்பக் கடிதங்கள் பலவகை. சாலைவிளக்கு எரியவில்லை என்று மாநகராட்சிக்கு எழுதுவதும் விண்ணப்பமே. நூலகத்திற்கு நாளிதழ் வேண்டி எழுதுவதும் விண்ணப்பமே. அவற்றில் நாம் கேட்பதைப் பெறுவதால் பிறர் எவரும் எதையும் இழப்பதில்லை. நோயின் காரணமாக அணித் தேர்வுக்கு வர இயலாத மாணவர், தமக்கெனத் தேர்வு நாள் ஒன்று ஒதுக்குமாறு விளையாட்டு அலுவலருக்கு எழுதும் கடிதம் அத்தகையதன்று. அவர் கேட்கும் நாள் கிடைத்து, அவர் நன்றாகவும் ஆடிவிட்டால், பட்டியலில் ஏற்கெனவே பெயர் இடம்பெற்ற ஒருவர் வெளியேற நேரலாம். இக்கடிதத்தை எழுதுவது எளிதுபோலத் தோன்றினும் கடினமாவது இதனால்தான்.

கோடம்பாக்கத்திலுள்ள ஒரு மகளிர் கல்லூரியை எண்ணிக்கொள்வோம். இளநிலை வணிகவியல் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் சென்ற ஆண்டு கல்லூரிக் கபடி அணியில் ஆடியவர். இவ்வாண்டுக்கான அணித் தேர்வு 2024 சூலை 17, 18 ஆகிய நாள்களில் நடைபெறும் என 8ஆம் நாள் அறிவிப்புப் பலகையில் எழுதப்பட்டது. 13ஆம் நாள் இவருக்குக் காய்ச்சல் கண்டது. 15ஆம் நாள் குருதி ஆய்வில் டெங்கு என்று தெரியவந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 20ஆம் நாள் வீடு திரும்பினார். தேர்வு முடிந்து பன்னிருவர் பட்டியல் வெளியாகிவிட்டது. பல்கலைக்கழகம் நடத்தும் கல்லூரிகளுக்கிடையேயான போட்டிக்குப் பெயர்ப் பட்டியல் செல்ல வேண்டிய இறுதிநாள் ஆகத்து 14. இந்நிலையில் அம்மாணவி என்ன எழுத வேண்டும்? மாணவியும் நாள்களும் நாம் எடுத்துக்காட்டுக்கு அமைத்துக்கொண்டவை. இடர்ப்பாடு ஆண்டுதோறும் பல கல்லூரிகளில் நேர்வதே.

முதலில், அவர் கேட்க வேண்டியது எது என்பதில் தெளிவு வேண்டும். மாணவர்களின் விடைத்தாள்களில் இவ்வினாவுக்குரிய விடைகளைத் திருத்தும்போது, பாதிக்கு மேற்பட்டவர்கள் ‘என்னை அணியில் சேர்த்துக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்’ என்று முடித்திருப்பதைக் கண்டிருக்கிறேன். அவ்வாறு கேட்பது தேர்வையே தவிர்த்து இடம் கேட்பதாகும். விளையாட்டு அலுவலர் அதற்கு இசைய இயலாது. இசைந்தால் இரண்டு நாள் வெயிலில் ஆடித் தேர்வானவர்களுக்கு அவர் விடை கூற வேண்டிவரும். ‘என் திறனைக் காட்ட ஒரு நாள் தாருங்கள்’ என்று கேட்டால் அவர் அதைப் பற்றி எண்ணிப் பார்க்கலாம். நாள் கேட்பதற்கும் இடம் கேட்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இக்கடிதத்தின் உயிர்நிலை.

இவ்வேறுபாட்டை விளக்கும் கடிதம் ஒன்று நம் நாட்டு விளையாட்டு வரலாற்றிலேயே உண்டு. 2019ஆம் ஆண்டு, ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்கு 51 கிலோ எடைப்பிரிவில் குத்துச்சண்டை வீராங்கனை மேரி கோமைத் தேர்வுப் போட்டியின்றியே அனுப்பலாம் என்ற கருத்து எழுந்தது. அவர் ஆறு முறை உலகச் சாம்பியன். அதே எடைப்பிரிவில் ஆடிவந்த இளம் வீராங்கனை நிகத் சரீன், அவ்வாண்டு அக்டோபரில் நடுவண் விளையாட்டுத் துறை அமைச்சர் கிரண் ரிஜிஜுவுக்குக் கடிதம் எழுதினார். தமக்கு இடம் வேண்டும் என்று அவர் எழுதவில்லை. நேர்மையான தேர்வுப் போட்டி ஒன்று வேண்டும் என்றே எழுதினார். மேரி கோமின் பெருமையை அவர் குறைத்தும் பேசவில்லை. தேர்வுப் போட்டி 2019 டிசம்பர் 28 அன்று தில்லியில் நடந்தது. மேரி கோம் 9–1 என்ற கணக்கில் வென்றார். கடிதம் எழுதியவர் தோற்றார். ஆயினும் அக்கடிதம் எதைக் கேட்டதோ அதைப் பெற்றுத் தந்தது. நிகத் சரீன் 2022இல் உலகச் சாம்பியனானது வேறு கதை.

இரண்டாவது, காலம். நோயோ காயமோ காரணமாக ஒரு போட்டியைத் தவறவிட்டவர் பின்னர்த் தேர்வு கேட்ட வழக்கு ஒன்று நீதிமன்றம் வரை சென்றதுண்டு. மல்யுத்த வீரர் சுசில் குமார் 2008, 2012 ஒலிம்பிக் போட்டிகளில் பதக்கம் வென்றவர். தோள்பட்டைக் காயத்தால் அவர் 2015ஆம் ஆண்டு உலகச் சாம்பியன் போட்டிக்குச் செல்லவில்லை. 74 கிலோ எடைப்பிரிவில் அங்குச் சென்ற நரசிங் யாதவ் வெண்கலம் வென்று, இந்தியாவுக்கு ரியோ ஒலிம்பிக்கில் ஓரிடத்தைப் பெற்றுத் தந்தார். அவ்விடம் நாட்டுக்கு உரியதே அன்றித் தனியொருவருக்கு உரியதன்று. ஆகவே இருவருக்கும் தேர்வுப் போட்டி வைக்க வேண்டும் என்பது சுசில் குமாரின் வாதம். தில்லி உயர் நீதிமன்றம் 2016 சூன் 6 அன்று அதனை ஏற்க மறுத்தது. யாரை அனுப்புவது என்பது மல்யுத்தக் கூட்டமைப்பு முடிவு செய்ய வேண்டியது என்றும், கடைசி நேரத்தில் தேர்வுப் போட்டி வைத்தால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் காயமுற்று அவரது வாய்ப்பே கெடக்கூடும் என்றும் நீதிமன்றம் கருதியது. ஒலிம்பிக் தொடங்க அப்போது எஞ்சியிருந்தது இரண்டு மாதமே.

கல்லூரி அணி ஒலிம்பிக் அணியன்று. ஆனால் காலத்தின் இறுக்கம் அங்கும் அதுவே. கல்லூரியின் பெயர்ப் பட்டியலில் ஒவ்வொரு மாணவியின் பிறந்த நாள், பயிலும் வகுப்பு முதலியன சரிபார்க்கப்பட்டு, முதல்வரின் கையொப்பம் பெற்ற பின்னரே அது பல்கலைக்கழகத்திற்குச் செல்லும். இறுதிநாளுக்கு முந்தைய நாள் வந்து நிற்கும் விண்ணப்பத்தை எவ்வளவு இரக்கமுள்ள அலுவலராலும் ஏற்க இயலாது. ஆகவே நம் மாணவி, முழுநலம் பெற்ற பிறகு எழுதலாம் என்று காத்திருத்தல் கூடாது. வீடு திரும்பியது சனிக்கிழமை. திங்கள்கிழமையே கடிதம் சென்றுவிட வேண்டும். நோய் கண்ட போதே, அதாவது தேர்வுக்கு முன்பே, தோழி வழியாகவோ அணித்தலைவி வழியாகவோ ஒரு சொல் சொல்லி அனுப்பியிருந்தால் இன்னும் நன்று. தேர்வு முடிந்தபின் முதன்முறையாகச் சொல்லப்படும் நோயைக் காட்டிலும், தேர்வுக்கு முன்பே சொல்லப்பட்ட நோய்க்கு நம்பகத்தன்மை மிகுதி.

மூன்றாவது, சான்று. இங்கு இருவேறு சான்றிதழ்கள் உண்டு. மாணவர்கள் பெரும்பாலும் ஒன்றையே எண்ணுகின்றனர். நோயுற்றிருந்தார் என்பதற்குரிய மருத்துவச் சான்று, அவர் ஏன் வரவில்லை என்பதைக் கூறும். இப்போது ஆடலாம் என்பதற்குரிய உடற்தகுதிச் சான்று, அவர் எப்போது வரலாம் என்பதைக் கூறும். தேர்வு நாள் கேட்கும் கடிதத்தில் இரண்டாவதே இன்றியமையாதது. முதற்சான்றை மட்டும் இணைத்து ‘உடனே தேர்வு வையுங்கள்’ என்று எழுதினால், நோயாளி என்று சான்று காட்டிக்கொண்டே களத்தில் இறங்க அனுமதி கேட்பதாக அது அமைந்துவிடும்.

டெங்கு நோயில் இது வெறும் நடைமுறையன்று. காய்ச்சல் தணியும் நாள்களில்தான் குருதியிலுள்ள தட்டணுக்கள் பெரும்பாலும் மிகக் குறைகின்றன. குருதியை உறையச் செய்பவை அவையே. அந்நிலையில் மோதுதலும் விழுதலும் உட்கசிவை உண்டாக்கலாம். கபடியோ மோதலும் விழுதலுமே ஆன ஆட்டம். தட்டணுக்கள் இயல்புநிலைக்குத் திரும்பிய பின்னரும் சோர்வு சில வாரங்கள் நீடிப்பதுண்டு. காய்ச்சல் விட்டது என்பதாலேயே களமிறங்கும் மாணவி தம் உடலுக்கும் தீங்கு செய்துகொள்கிறார். பாதித் திறனோடு ஆடி, தேடிப் பெற்ற நாளையும் வீணாக்குகிறார். எனவே மருத்துவர் மறுபடி பார்க்கச் சொன்ன நாளை அறிந்து, அதற்குப் பின்னுள்ள நாள்களையே கேட்க வேண்டும். நம் மாணவியை மருத்துவர் ஆகத்து 2 அன்று வரச் சொல்லியிருக்கிறார். பட்டியல் செல்வது 14. இவ்விரண்டுக்கும் இடையில் ஆகத்து 5 முதல் 9 வரையுள்ள ஐந்து வேலைநாள்களே அவர் கேட்கத்தக்கவை. கடிதத்தின் நடுப்பகுதி இக்கணக்கிலிருந்தே பிறக்கிறது.

ஆட்டத்தின் இயல்பையும் எண்ண வேண்டும். ஓட்டப்பந்தயமாயின் ஒருவரை மட்டும் அழைத்து, நிறுத்து கடிகாரம் கொண்டு அளந்துவிடலாம். கபடியில் பாடிச் செல்பவரின் திறனை எதிரில் எழுவர் நின்றால்தான் காண முடியும். தனியொருத்திக்காக ஓர் அணியையே வரவழைக்கச் சொல்வது மிகையான வேண்டுகோள். அணியின் வழக்கமான மாலைப் பயிற்சியின்போதே தம்மைப் பார்க்குமாறு கேட்டால் அலுவலருக்குச் சுமை குறைகிறது. தேர்வான பன்னிருவரோடு நேருக்கு நேர் ஆடிக் காட்டுவதால் ஒப்பீடும் நேர்மையாக அமைகிறது.

இனி மொழி. ‘தேர்வு’ என்னும் சொல் தமிழில் இரு பொருள் தரும். ‘17ஆம் நாள் தேர்வுக்கு வர இயலவில்லை’ என்று மட்டும் எழுதினால் பருவத் தேர்வு என்று கொள்ளவும் இடமுண்டு. துறைத்தலைவர் வழியாகச் செல்லும் கடிதத்தில் இது குழப்பம் தரும். ‘அணித் தேர்வு’ என்றோ ‘தேர்வுப் போட்டி’ என்றோ எழுதுக. ‘மறுதேர்வு’ என்றும் எழுதுதல் ஆகாது. ஒருமுறை ஆடியவர்க்கே மறுதேர்வு. ஆடவே இயலாதவர் கேட்பது முதல் வாய்ப்பு. ‘மறு’ என்ற அந்த ஒரு சொல், தோற்றவர் மீண்டும் கேட்கிறார் என்ற எண்ணத்தை அலுவலர் மனத்தில் ஏற்படுத்திவிடும். ‘உடல்நலக் குறைவு’ என்பதும் போதாது. தலைவலியும் உடல்நலக் குறைவே. நோயின் பெயரையும் நாள்களையும் எழுதிவிட்டால் ‘மிகவும்’, ‘கடுமையாக’ என்னும் அடைகள் தேவைப்படா.

இவற்றை உட்கொண்டு அம்மாணவி எழுதிய கடிதம் வருமாறு:

அனுப்புநர்
அ அ அ அ,
இளநிலை வணிகவியல் இரண்டாம் ஆண்டு,
ஆ ஆ ஆ மகளிர் கல்லூரி,
கோடம்பாக்கம்,
சென்னை – 600 024.

பெறுநர்
விளையாட்டு அலுவலர் அவர்கள்,
ஆ ஆ ஆ மகளிர் கல்லூரி,
கோடம்பாக்கம்,
சென்னை – 600 024.

வழி: துறைத்தலைவர் அவர்கள், வணிகவியல் துறை.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

பொருள்: கபடி அணித் தேர்வுக்கு நோயால் வர இயலாமை – தேர்வு நாள் ஒன்று வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அறிவிப்பு, நாள் 08.07.2024.

வணக்கம். மேற்கண்ட அறிவிப்பின்படி சூலை 17, 18 ஆகிய நாள்களில் நடைபெற்ற கபடி அணித் தேர்வில் என்னால் கலந்துகொள்ள இயலவில்லை. டெங்கு காய்ச்சலால் சூலை 15 முதல் 20 வரை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுச் சிகிச்சை பெற்றேன். இச்செய்தியைச் சூலை 16 அன்று அணித்தலைவி வழியாகத் தங்களுக்குத் தெரிவித்திருந்தேன்.

சென்ற ஆண்டு நம் கல்லூரி அணியில் பாடிச் செல்பவராக ஆடினேன். இவ்வாண்டும் என் திறனைத் தாங்கள் நேரில் கண்டு முடிவு செய்ய ஒரு வாய்ப்பு அளிக்குமாறு வேண்டுகிறேன். மருத்துவர் ஆகத்து 2 அன்று என்னை மீண்டும் பரிசோதிக்க உள்ளார். அன்று உடற்தகுதிச் சான்று கிடைத்தால் மறு வேலைநாளிலேயே தங்களிடம் ஒப்படைப்பேன். கல்லூரிகளுக்கிடையேயான போட்டிக்குப் பெயர்ப் பட்டியல் ஆகத்து 14 அன்று அனுப்பப்பெறும் என்று அறிகிறேன். ஆதலால், ஆகத்து 5 முதல் 9 வரை தங்களுக்கு இசைவான ஏதேனும் ஒரு நாளில், அணியின் மாலைப் பயிற்சியின்போதே என்னைத் தேர்வுக்கு உட்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மருத்துவர் அந்நாளில் தகுதிச் சான்று அளிக்கவில்லையெனில் இவ்வேண்டுகோளை நானே திரும்பப் பெற்றுக்கொள்வேன். தேர்வின் முடிவு எதுவாயினும் அதனை ஏற்பேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அ அ அ அ.

இடம்: சென்னை
நாள்: 22.07.2024

இணைப்பு:
மருத்துவமனையில் பெற்ற சிகிச்சைச் சுருக்கத்தின் நகல்.
சென்ற ஆண்டுப் போட்டியில் பங்கேற்ற சான்றிதழின் நகல்.

இக்கடிதத்தில் இல்லாதவற்றையும் காண வேண்டும். காய்ச்சலின் துன்பம் விரிக்கப்படவில்லை. பட்டியலில் உள்ள எவரைப் பற்றியும் ஒரு சொல்லும் இல்லை. ‘என்னைவிடத் திறன் குறைந்தவர்கள் தேர்வாகியுள்ளனர்’ என்று எழுதுவது பலருக்குக் கை வந்துவிடும் வரி. அது உண்மையாகவே இருப்பினும் அதைக் காண வேண்டியவர் அலுவலர். காட்ட வேண்டிய இடம் களம். குடும்பச் சூழ்நிலை, விளையாட்டு இடஒதுக்கீட்டில் வேலை பெறும் நோக்கம் ஆகியவையும் இல்லை. அவை பொய்யல்ல, ஆயினும் தேர்வு நாள் தரலாமா என்னும் வினாவுக்கு அவை விடையாகா.

‘நானே திரும்பப் பெற்றுக்கொள்வேன்’ என்ற தொடரைச் சிலர் தேவையற்ற விட்டுக்கொடுத்தல் என்பர். நான் அவ்வாறு கருதவில்லை. நலமற்ற மாணவியைக் களமிறக்கி ஏதேனும் நேர்ந்தால் பொறுப்பு தம் தலையில் விழும் என்பதே இத்தகைய கடிதத்தைக் கையில் எடுக்கும் அலுவலரின் முதல் அச்சம். அவ்வச்சத்தை அத்தொடர் நீக்குகிறது.

யாருக்கு எழுதுவது என்பதிலும் ஒரு சொல். கல்லூரி அணிக்கான விண்ணப்பம் கல்லூரியின் விளையாட்டு அலுவலருக்கே. பல கல்லூரிகளில் அவர் உடற்கல்வி இயக்குநர் என அழைக்கப்பெறுவார். கல்லூரிகளுக்கிடையேயான போட்டிகளில் சிறந்தோரைக் கொண்டு பல்கலைக்கழக அணி அமையும். அவ்வணி தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டிகளுக்குச் செல்லும். அக்கட்டத்தில் தேர்வைத் தவறவிட்டால் பல்கலைக்கழக உடற்கல்வித் துறைக்குத்தான் எழுத வேண்டும். அதனையும் தம் கல்லூரி முதல்வர் வழியாகவே அனுப்ப வேண்டும். நேரே முதல்வருக்கோ, அமைச்சருக்கோ எழுதி, அதன் நகலை அலுவலருக்கு அனுப்புவது, அவர் மறுக்கும் முன்பே அவர்மீது முறையிடுவதாகும். நிகத் சரீன் அமைச்சருக்கு எழுதினாரே எனலாம். தேர்வுப் போட்டியே வேண்டாம் என்ற குரல் கூட்டமைப்பிலிருந்தே எழுந்திருந்த நிலை அது. இங்கு அலுவலரிடம் இன்னும் எவரும் கேட்கவே இல்லை.

இனி, அலுவலர் மறுத்தால்? மறுக்கவும் அவருக்கு உரிமை உண்டு; ஐந்து நாள்களும் வேறு பணிகளால் நிறைந்திருக்கலாம், பட்டியல் முன்னரே அனுப்பப்பட்டிருக்கலாம். அப்போது இரண்டாவது கடிதம் ஒன்றை எழுதலாம். ஆனால் அது வேறு வேண்டுகோளாக இருத்தல் வேண்டும். பட்டியலைத் திறக்கச் சொல்லாமல், உடற்தகுதிச் சான்று பெற்ற நாள்முதல் அணியோடு பயிற்சியில் மட்டும் கலந்துகொள்ள இசைவு கேட்கலாம். அதை அளிக்க எந்த இறுதிநாளும் தடையன்று; எவர் இடமும் அதனால் பறிபோவதில்லை. அவ்வாண்டின் பிற போட்டிகளுக்கு அணி மீண்டும் தேர்ந்தெடுக்கப்படும்போது அம்மாணவி அலுவலரின் கண்முன்னே ஆடிக்கொண்டிருப்பார்.

பயிற்சி: நீங்கள் பயிலும் கல்லூரியில் 400 மீட்டர் ஓட்டத்திற்கான தேர்வு நாளில் அம்மை நோயால் வீட்டிலிருந்ததாகக் கொள்க. பெயர்ப் பட்டியல் அனுப்பப் பத்து நாள்களே உள்ளன. தொற்று நீங்கியது என மருத்துவர் கூற ஆறு நாள்கள் ஆகும். இக்கணக்கின்படி நீங்கள் எந்த நாள்களைக் கேட்பீர்கள் என முடிவு செய்து, அதன்பின் கடிதம் எழுதுக.